ஒரே சரக்கு, நாலு இடத்தில் விற்பனை: கேள்வி பதில்

சேலை வியாபாரி, இளம்பிள்ளை: கடை, அமேசான், மீஷோ, வாட்ஸ்அப் என நாலு இடத்தில் விற்கிறேன். 20 சேலை இருந்தால் இடத்துக்கு 5 என்று பிரித்துவிடலாமா அண்ணா?

பிரித்தால் இல்லாத சரக்குக்கு ஆர்டர் வராது, சரிதான். ஆனால் மீஷோவில் 5 தீர்ந்து வாடிக்கையாளர் திரும்பிப் போகும்போது, வாட்ஸ்அப்புக்கு ஒதுக்கிய ஐந்தில் 4 அலமாரியில் சும்மா கிடக்கும். எல்லாவற்றையும் ஒரே இருப்பாக வையுங்கள். ஆன்லைனில் மட்டும் கொஞ்சம் குறைத்துக் காட்டுங்கள்.

எவ்வளவு குறைப்பது? உங்கள் சாஃப்ட்வேர் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை இருப்பை அனுப்புகிறது என்று வையுங்கள். அதிகம் விற்கும் மணி நேரத்தில் அந்த டிசைன் மொத்தமாக 12 போனால், 15 நிமிடத்தில் 3 போகும். கையில் 20 இருந்தால் 17 காட்டுங்கள். 3-க்கு இறங்கியதும் ஆன்லைனில் பூஜ்யம். அந்த மூன்றும் வீணாகாது, கடையில் விற்றுக்கொள்ளலாம். மெதுவாகப் போகும் டிசைனுக்கு 1 போதும்.

மொபைல் கவர் விற்பவர்: உடனுக்குடன் அப்டேட் ஆகும் சாஃப்ட்வேர் வாங்கினால் இந்தப் பிடித்தமே தேவையில்லையே?

பாதி சரி, பிடித்தம் குறையும். ஆனால் "எனக்கு ஒண்ணு எடுத்து வைங்க" என்று வாட்ஸ்அப்பில் வரும் சொல் எந்த சாஃப்ட்வேருக்கும் தெரியாது. எடுத்து வைத்த நிமிடமே கணக்கில் கழியுங்கள், பணம் வரும்வரை காத்திருக்காதீர்கள். சாயங்காலத்துக்குள் பணம் வராவிட்டால் திரும்பச் சேர்த்துவிடலாம்.

குர்தி விற்பவர்: எங்கள் பிரச்சினை வேறு. கேஷ் ஆன் டெலிவரியில் நிறைய திரும்பி வருகிறது. கணக்கில் 8, ரேக்கில் 5.

வேறு இல்லை, இதுவும் அதேதான். 'ரிட்டர்ன்' என்று குறித்ததுமே இருப்பு ஏறுகிறதா பாருங்கள். அந்த மூன்றும் இன்னும் கூரியர் வண்டியில் இருக்கலாம். பார்சலைப் பிரித்து, சைஸும் கறையும் பார்த்த பிறகே இருப்பில் ஏற்றுங்கள்.

இளம்பிள்ளை வியாபாரி மறுபடி: 30 நாளில் 60 விற்றது. நாளுக்கு 2 என்று கணக்குப் போட்டு வாங்கியும் அடிக்கடி தீர்ந்துபோகிறதே?

அந்த 30 நாளில் சரக்கே இல்லாத நாள் எத்தனை?

அவர்: ஒரு 10 நாள் இருக்கும்.

அப்படியானால் 60 விற்றது 20 நாளில், நாளுக்கு 3. தறியிலிருந்து வர 12 நாள் என்றால் 36 வேண்டும். தாமதத்துக்கு 4 நாள் சேர்த்தால் இன்னும் 12. ஆக இருப்பு 48-க்கு இறங்கும்போதே ஆர்டர் சொல்லுங்கள்.

குர்தி விற்பவர்: தீபாவளிக்கும் இதே கணக்கா?

இல்லை, அப்போது இது நிற்காது. போன வருட விற்பனை கையில் இருந்தால் அதைப் பாருங்கள். புது டிசைனுக்கு என்னிடமும் கணக்கு இல்லை. பாதியை இப்போது வாங்கி, முதல் வார விற்பனையைப் பார்த்து மீதியைச் சொல்ல உங்கள் சப்ளையர் ஒத்துக்கொள்வாரா என்று கேளுங்கள்.