மாத்திரை போட்டும் மயக்கம் நிற்கவில்லை: அப்பாவுக்கு பேஸ்மேக்கர் தேவையா?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறோம். நாலு மாதத்தில் மூன்று முறை மயங்கி விழுந்துவிட்டார், ஒரு தடவை கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே. கை உதறியதால் வலிப்பு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். பிறகு இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் ஹோல்ட்டர் எடுத்துப் பார்த்துவிட்டு ஹார்ட் பிளாக், பேஸ்மேக்கர் வைக்கணும் என்கிறார்கள். ஆஞ்சியோவில் அடைப்பே இல்லையே! மற்ற நேரமெல்லாம் நன்றாக இருக்கிறார், நாடி 75 ஓடுகிறது. மாங்காய் சீசன் முடிந்து வைத்துக்கொள்ளலாமா? வைத்த பிறகு மோட்டார், சோலார் வேலிப் பக்கம் போகலாமா? (ரிப்போர்ட் இணைத்துள்ளேன்.)

பதில்: சீசன் வரை தள்ளிப்போடாதீர்கள். இந்த வாரமே வைப்பது நல்லது. அதுவரை அப்பா பைக் ஓட்ட வேண்டாம், மரம் ஏற வேண்டாம், கிணற்றுப் பக்கம் தனியாகப் போக வேண்டாம். இன்னொரு முறை மயங்கினால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம் என்பது நீங்கள் அனுப்பிய ஹோல்ட்டர் தாளிலேயே இருக்கிறது. காலை 11 மணி வாக்கில் பதிவான அந்தப் பட்டையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய கட்டம் 0.2 விநாடி. ஒரு உயரமான கோட்டுக்கும் அடுத்த உயரமான கோட்டுக்கும் நடுவே 32 பெரிய கட்டங்கள் இருக்கின்றன, அதாவது 6.4 விநாடி. அந்த உயரக் கோடுதான் இதயத்தின் கீழறைகள் சுருங்கி ரத்தத்தைத் தள்ளுவதற்கான அடையாளம். அது வராத இடைவெளி முழுக்க மூளைக்கு ரத்தம் போகவில்லை.

இப்போது அந்த இடைவெளிக்குள் உற்றுப் பாருங்கள். அது வெறும் நேர்கோடு இல்லை. நாலு கட்டத்துக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன மேடுகள் எட்டு இருக்கும். அவை மேலறையின் மின்துடிப்புகள். மேலே துடிப்பைத் தொடங்கி வைக்கும் சைனஸ் கணு நிமிடத்துக்கு 75 என்ற கணக்கில் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது. அது அனுப்பிய எட்டு உத்தரவுகளில் ஒன்றுகூடக் கீழே போய்ச் சேரவில்லை. பயத்திலோ, ரத்தத்தைப் பார்த்தோ, வெயிலில் நெடுநேரம் நின்றோ வருகிற சாதாரண மயக்கத்தில் இப்படி இருக்காது. அதில் மேடுகளே முதலில் மெதுவாகும், பிறகு எல்லாம் சேர்ந்து தளரும். தூக்கத்தில் சிலருக்கு இரண்டு மூன்று விநாடி இடைவெளி வருவதும் அந்த வகையாகவே இருக்கலாம். உங்கள் அப்பாவுக்குப் பட்டப்பகலில், விழித்திருக்கும்போது, மேடுகள் வேகம் குறையாமல் வந்துகொண்டிருக்கையில் கீழறை நின்றிருக்கிறது. கோளாறு நடுவழியில் இருக்கிறது, இதுதான் ஹார்ட் பிளாக் என்று சந்தேகமில்லாமல் சொல்லலாம்.

ஆஞ்சியோ பார்ப்பது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களை. இங்கே பழுதானது மின்சாரம் போகும் பாதை. குழாய் சுத்தமாக இருக்கும்போதே பாதை கெட்டுப்போகலாம், வயதானால் அந்த இழைகள் இறுகித் தேய்வது சகஜம். ஆகவே ஸ்டென்ட் வைத்து இதைச் சரிசெய்ய முடியாது. மேலறையிலிருந்து வரும் உத்தரவு, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள ஏ.வி. கணுவைத் தாண்டி, வலப்பக்கம் ஒரு கிளையாகவும் இடப்பக்கம் இரண்டு கிளைகளாகவும் பிரிந்து இறங்குகிறது. உங்கள் அப்பாவின் சாதாரண ஈசிஜியில் ‘வலது பண்டில் பிளாக், இடது முன்கிளை பிளாக்’ என்று எழுதியிருக்கிறது. மூன்றில் இரண்டு ஏற்கெனவே போய்விட்டது என்று அர்த்தம். இது தனியாக, மயக்கம் எதுவும் இல்லாத ஒருவருக்கு இருந்தால் நாங்கள் பெரும்பாலும் கவனித்துக்கொண்டு விட்டுவிடுவோம். மயங்கி விழுகிறவருக்கு இருந்தால் கதை வேறு. மிச்சமுள்ள ஒரே கிளை வேலை செய்யும்வரை நாடி 75 ஓடும், ஆள் தெம்பாக இருப்பார், தோப்புக்குப் போவார். அது கண் சிமிட்டினால் கீழறைக்கு எதுவும் வராது. நீங்கள் பார்க்கிற ‘நன்றாக இருக்கிறார்’ அந்த ஒற்றைக் கிளையை நம்பித்தான்.

கீழறைக்கும் சொந்தமாக ஒரு துடிப்பு உண்டு. மேலிருந்து உத்தரவு வராவிட்டால் நிமிடத்துக்கு 20 முதல் 40 என்று தானே துடிக்கத் தொடங்கும். சிக்கல் என்னவென்றால் அது எழுந்திருக்க நேரம் எடுத்துக்கொள்ளும். ரத்தம் நின்று சுமார் 6 முதல் 10 விநாடிக்குள் நினைவு தப்பும். ஹோல்ட்டரில் பதிவானது 6.4 விநாடிதான், அதனால் அப்போது அப்பாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்ததோடு போயிருக்கும். விழுந்த மூன்று தடவையும் இடைவெளி இதைவிட நீண்டிருக்க வேண்டும். எந்த நாளில் அந்தத் துடிப்பு எழுந்திருக்காமலே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. என் அவசரத்துக்குக் காரணம் இதுதான்.

கை உதறியதைப் பற்றி. மூளைக்கு ரத்தம் பத்துப் பதினைந்து விநாடி போகாவிட்டால் கை கால் சில முறை வெட்டும். அதைப் பார்த்து வலிப்பு என்று நினைப்பது எங்கும் நடக்கிறது. கூட இருந்தவர்களிடம் மூன்றே விஷயம் கேளுங்கள்: விழும்போது முகம் வெளுத்ததா, எழுந்தபின் சிவந்ததா? உதறல் விழுந்த பிறகு வந்து சில விநாடியில் அடங்கியதா? எழுந்த உடனே ‘என்ன ஆச்சு’ என்று தெளிவாகக் கேட்டாரா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் பெரும்பாலும் இதயம்தான். வலிப்பில் உதறல் ஒன்றிரண்டு நிமிடம் நீடிக்கும், நாக்கின் ஓரம் கடிபட்டிருக்கும், எழுந்தும் கால் மணி நேரமாவது குழப்பமாக இருப்பார், உடம்பெல்லாம் வலிக்கும்.

அந்த வலிப்பு மாத்திரையின் பெயரை இன்றே இதய மருத்துவரிடம் காட்டுங்கள். கார்பமசபைன், ஃபெனிட்டாயின் இரண்டும் இதயத்தின் மின்பாதையை இன்னும் மந்தமாக்கக்கூடியவை, உங்கள் அப்பா போன்றவர்களுக்கு ஆகாதவை. நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள், எழுதிக் கொடுத்தவரும் இதய மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும். கூடவே கண் சொட்டு மருந்து போடுகிறாரா என்றும் பாருங்கள். கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு ரத்தத்தில் கலந்து துடிப்பைக் குறைக்கும், வயதானவர்கள் அதை ஒரு மருந்தாகவே சொல்வதில்லை. மெட்டோபிரோலால், அட்டெனோலால், டில்டியாசெம் போன்ற பிரஷர் மாத்திரைகள், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுவது, இவையும் பிளாக் உண்டாக்கும். (நம் பக்கத்தில் அரளி விதை தின்று வருகிறவர்களுக்கும் இதே பிளாக்தான் வருகிறது. அது விஷம் இறங்கியதும் சரியாகிவிடும் என்பதால் தற்காலிக பேஸ்மேக்கரே போதும்.) உங்கள் அப்பாவுக்கு மருந்து ஏதாவது கூட்டுச் சேர்ந்திருந்தாலும், இரண்டு கிளை நிரந்தரமாகப் போயிருப்பதால் மருந்தை நிறுத்தினால் மட்டும் போதும் என்று நான் நம்ப மாட்டேன். இந்தப் பாதையைத் திரும்ப ஓட வைக்கும் மாத்திரை எதுவும் கிடையாது.

பேஸ்மேக்கர் என்ன செய்யும் என்பதற்கும் அதே பட்டையையே எடுத்துக்கொள்வோம். இரண்டு வயர் உள்ள கருவி என்றால் ஒரு வயரின் நுனி மேலறையில், இன்னொன்று கீழறையில். மேலறையில் மேடு வந்ததைக் கருவி உணர்கிறது. கீழே தானாகத் துடிப்பு வருகிறதா என்று சுமார் 0.2 விநாடி பொறுக்கிறது. வந்தால் வாயை மூடிக்கொண்டு இருக்கும். வராவிட்டால் கீழறை வயரில் ஒரு சின்ன மின்துடிப்பு, சில நூறு மைக்ரோவிநாடி நீளம், இரண்டு மூன்று வோல்ட். அப்பாவுக்கு அது தெரியவே தெரியாது. எட்டு மேடுகளுக்கும் எட்டுத் துடிப்பு கிடைத்துவிடும், 6.4 விநாடி இடைவெளி அங்கே இருக்காது. மின்பாதையின் பழுது அப்படியேதான் இருக்கும், கருவி அதற்கு மாற்றுவழி மட்டும். பிரஷர், மாரடைப்பு, இதயம் பலவீனமாவது இவற்றை அது சரிசெய்யாது.

உடம்புக்குள் வைத்த முதல் பேஸ்மேக்கர் 1958இல் ஸ்டாக்ஹோமில் ஆர்னே லார்சன் என்பவருக்கு. சில மணி நேரத்தில் நின்றுவிட்டது, மாற்றினார்கள். அவர் 2001 வரை வாழ்ந்தார், அதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகள் மாறின. இப்போது ஒன்று 8 முதல் 12 வருடம் ஓடும். பேட்டரி தீர்கிறதென்றால் செக்கப்பில் முன்னதாகவே தெரிந்துவிடும், வயர் சரியாக இருந்தால் பெட்டியை மட்டும் மாற்றுவார்கள்.

வைக்கும் விதம் இது. இடது காறை எலும்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி, நாலைந்து சென்டிமீட்டர் வெட்டு, ரத்தக்குழாய் வழியாக எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே வயர்களை இறக்கித் தோலுக்கடியில் பெட்டியை வைத்துத் தைப்பார்கள். ஒன்றரை மணி நேரம் ஆகலாம், முழு மயக்கம் தேவையில்லை. வயர் நுனி இதயத் தசையில் பிடித்ததா என்று மேசையிலேயே சோதிப்பார்கள். துடிப்பை எழுப்பத் தேவைப்படும் மிகக் குறைந்த வோல்ட்டைக் கண்டுபிடித்து, அதைப் போல் இரண்டு மடங்கில் அமைப்பது வழக்கம்.

பிறகு பார்க்க வேண்டியது இரண்டு. முதல் சில வாரம் வயர் நகர்ந்துவிடலாம். அதனால் 4 முதல் 6 வாரம் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க வேண்டாம், மாங்காய்க் கூடை சுமக்க வேண்டாம். கையையே அசைக்காமல் கட்டி வைத்தால் தோள்பட்டை இறுகிவிடும், அதுவும் கூடாது. மறுபடி தலைசுற்றலோ, ஓயாத விக்கலோ வந்தால் வயரைச் சந்தேகித்து உடனே போங்கள். இரண்டாவது தொற்று. பெட்டிக்கு மேலே தோல் சிவந்தாலும், சீழ் கசிந்தாலும், தோல் மெலிந்து பளபளத்தாலும், அது எத்தனை வருடம் கழித்தாக இருந்தாலும், உள்ளூரில் யாரையும் ஊசி குத்திப் பார்க்க விடாதீர்கள். வைத்த இடத்துக்கே போங்கள்.

இனி உங்கள் தோப்பு. மோட்டார் போடலாம், எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு கை தூரத்தில் நின்று. வெல்டிங் வேண்டாம். போனை வலது காதில் வைத்துப் பேசலாம், இடது சட்டைப் பையில் வைக்க வேண்டாம். சோலார் வேலிதான் எனக்குக் கவலை. காட்டுப்பன்றிக்கும் யானைக்கும் போடும் அந்த வேலி சுமார் ஒரு விநாடிக்கு ஒரு முறை அதிர்ச்சியை விடுகிறது. அதைத் தொட்டுக்கொண்டிருந்தால் கருவி அதை அப்பாவின் சொந்தத் துடிப்பு என்று எண்ணி, தான் துடிக்காமல் விட்டுவிடலாம். பக்கத்தில் நடப்பதில் ஆபத்தில்லை, தொடக் கூடாது. வேலியைச் சரிபார்ப்பதை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

ஒரு வயரா இரண்டு வயரா என்று கேட்பார்கள். ஒரு வயரும் மயக்கத்தை நிறுத்திவிடும். ஆனால் மேலறை நன்றாக வேலை செய்கிறவருக்கு இரண்டும் ஒத்துப்போகாமல் துடித்தால் சோர்வும் கழுத்தில் படபடப்பும் வரலாம், எனவே இரண்டு வயரைக் கேளுங்கள். முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்தில் பேஸ்மேக்கர் உண்டு. சேலம் போனாலும் பெங்களூரு போனாலும், அந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா, எத்தனை வயர் கருவிக்கு அனுமதி என்று அட்மிஷனுக்கு முன்பே காப்பீட்டு கவுண்ட்டரில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.