ஒரே எண், அறுநூறு பேர்: வாட்ஸ்அப் தடை பற்றிய கேள்வி பதில்

சிறு கடைகளுக்கும் பயிற்சி நிலையங்களுக்கும் வாடிக்கையாளரோடு செய்தித் தொடர்பு அமைத்துக் கொடுப்பது பத்து ஆண்டுகளாக என் தொழில். அந்த அனுபவத்துக்குள் வருவதை விரிவாகச் சொல்கிறேன், வராததைத் தள்ளிவிடுகிறேன்.

இளம்பிள்ளைச் சேலைகளை வாங்கி விற்கிறேன். புது சிம் போட்டு, கண்காட்சியில் எழுதி வாங்கிய 640 எண்களுக்கு, பிரவுசரில் சேர்க்கும் ஒரு கருவி மூலம் 8 வினாடிக்கு ஒன்றாகப் படம் அனுப்பினேன். இரவுக்குள் கணக்கு போய்விட்டது. சேலைப் படம் அனுப்புவது ஒரு குற்றமா?

சேலைப் படம் குற்றமில்லை. படத்தில் என்ன இருந்தது என்பது இதில் பெரிய காரணமும் இல்லை. தனிக் கணக்கை மொத்தமாகவோ தானியங்கியாகவோ செய்தி அனுப்பப் பயன்படுத்தக் கூடாது என்று வாட்ஸ்அப்பின் விதிமுறையே சொல்கிறது. நீங்கள் இரண்டையும் ஒரே நாளில் செய்துவிட்டீர்கள்.

மொத்தச் செய்தி அனுப்புவோரை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதை 2019-இல் அந்த நிறுவனமே ஓர் அறிக்கையாக வெளியிட்டது. கணக்கைத் திறக்கும்போது, செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போது, பெற்றவர்கள் புகார் செய்யும்போது என்று மூன்று இடங்களில் சோதனை நடக்கிறது. ஐந்து நிமிடங்களுக்கு முன் திறந்த கணக்கு 15 வினாடியில் 100 செய்திகளை அனுப்ப முயன்றால் அது ஏறக்குறைய நிச்சயமாக முறைகேடுதான் என்பது அதிலேயே வரும் எடுத்துக்காட்டு. உங்கள் வேகம் அவ்வளவு இல்லை. ஆனால் அந்த இயந்திரத்தின் இடத்தில் இருந்து பாருங்கள்: அன்று காலையில் பிறந்த எண், அதை யாரும் சேமித்து வைக்கவில்லை, ஒருவரும் அதற்கு முதலில் எழுதியதில்லை, செய்திகள் ஒரே திசையில் போகின்றன, பதில் வருவதில்லை, எட்டு வினாடி இடைவெளி கடிகாரம் போல் மாறாமல் இருக்கிறது.

அடுத்து, பெறுபவரின் திரை. அறிமுகமில்லாத எண்ணிலிருந்து முதல் செய்தி வந்தால், தடுக்கவும் புகார் செய்யவும் பொத்தான்கள் அந்த உரையாடலிலேயே கண்முன் நிற்கும். கண்காட்சிப் பதிவேட்டில் எண் எழுதியவருக்கு, மூன்று மாதம் கழித்து வந்த செய்தி அந்தக் கடையுடையது என்று நினைவிருக்காது, அழுத்திவிடுவார். எத்தனை பேர் அழுத்தினால் தடை என்ற எண்ணிக்கையை நிறுவனம் வெளியிடவில்லை. வெளியிட்டால் அதற்கு ஒன்று குறைவாக அனுப்ப எல்லோரும் கற்றுக்கொள்வார்கள்.

தடைக்கு முன்பே அடையாளம் தெரிந்திருக்கும். அனுப்பிய பட்டியலைப் பார்த்தால், இரட்டை டிக் விழுந்தும் பதில் இல்லாதவைதான் வரிசையாக நின்றிருக்கும். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும்.

நான் எல்லோரிடமும் சொல்லும் ஒரே எச்சரிக்கையை உங்களுக்கும் சொல்கிறேன்: உங்கள் எண்ணைச் சேமிக்காதவருக்கு நீங்கள் முதலில் எழுதாதீர்கள்.

பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாமே. மூன்று பட்டியல் போட்டால் தடையே வராது. எதற்கு இவ்வளவு பயமுறுத்தல்?

பாதி சரி. பிராட்காஸ்ட் செய்தி, உங்கள் எண்ணைத் தம் தொடர்புகளில் சேமித்தவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும், சேமிக்காதவருக்குப் போகாது. அதனால் தெரியாதவரைத் தொல்லை செய்ய வழியில்லை, புகாரும் குறைவு. உங்களுக்கு இதுவரை ஒன்றும் ஆகாததற்குக் காரணம் இதுதான்.

மீதிப் பாதி: சேமித்தவர்கூட நாள் தவறாமல் பத்துப் படம் வந்தால் சலித்துப்போய்த் தடுக்கத்தான் செய்வார். மேலே உள்ள சேலைக்காரர் கருவியைத் தேடிப் போனதே, பிராட்காஸ்ட்டில் 640 பேரில் நாற்பது பேருக்குக்கூடச் செய்தி போகவில்லை என்பதால்தான் இருக்கும். போகாததே ஒரு தகவல்: மற்ற அறுநூறு பேரும் இன்னும் அவருடைய வாடிக்கையாளர் ஆகவில்லை.

ஒரு ஃபார்வர்டை ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியவில்லை. என் கணக்கைத் தடை செய்துவிட்டார்களா?

இல்லை. அது எல்லோருக்கும் உள்ள வரம்பு. இந்தியாவில் 2018-இலும் உலகெங்கும் 2019 ஜனவரியிலும் வந்தது. இரட்டை அம்புக்குறி உள்ள செய்தி, பல கைகள் மாறியது. 2020 ஏப்ரல் முதல் அதை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்பலாம்.

செய்திகள் முழுக்கக் குறியாக்கம் செய்யப்பட்டவை என்று அவர்களே விளம்பரம் செய்கிறார்கள். படிக்க முடியாத செய்தியை மொத்தச் செய்தி என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? ஒன்று குறியாக்கம் பொய், அல்லது நீங்கள் சொல்வது பொய். நான் மென்பொருள் எழுதுபவன்.

இரண்டும் பொய்யில்லை. தபால்காரர் உறையைப் பிரிப்பதில்லை; ஆனால் ஒரே வீட்டிலிருந்து ஒரே நாளில் அறுநூறு உறைகள், அறுநூறு வெவ்வேறு முகவரிகளுக்குப் போவதைக் கவனிக்க அவர் பிரிக்க வேண்டியதும் இல்லை. எந்த எண், எப்போது திறந்தது, என்ன வேகத்தில் அனுப்புகிறது, எத்தனை பேர் தடுத்தார்கள் என்பவை எல்லாம் உறைக்கு வெளியே தெரிபவை. பெறுபவர் புகார் செய்தால், அந்த உரையாடலில் உங்களிடமிருந்து அவருக்கு வந்த கடைசி ஐந்து செய்திகள் வரை நிறுவனத்துக்குப் போகும். அது குறியாக்கத்தை உடைப்பதாகாது. கடிதத்தைப் பெற்றவரே கொண்டுபோய்க் காட்டுகிறார்.

(அதே நண்பர்) இடைவெளியை 20 முதல் 90 வினாடி வரை மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொரு செய்தியிலும் பெயரைச் செருகி, எட்டு மாதமாக அனுப்புகிறேன். தடை வரவில்லை. ஆகவே வேகம்தான் பிரச்சினை. அதைச் சரி செய்தால் போதும்.

எட்டு மாதம் என்பதை நம்புகிறேன். ஆனால் நீங்கள் யாருக்கு அனுப்புகிறீர்கள் என்று சொல்லவில்லை.

(அதே நண்பர்) எங்கள் பயிற்சி நிலையத்தில் பணம் கட்டிய மாணவர்களுக்கு.

அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் உங்கள் எண்ணைச் சேமித்திருப்பார்கள், வகுப்பு நேரம் கேட்டு எழுதுவார்கள், தடுக்கவும் மாட்டார்கள். உங்களைக் காப்பது வினாடிக் கணக்கு இல்லை, அந்த உறவு என்பது என் கருத்து. அதே நிரலில் விலைக்கு வாங்கிய ஐந்நூறு எண்களை ஏற்றினால் எட்டு மாதம் தாங்காது என்று நினைக்கிறேன். ஆனால் அதைச் சோதித்துப் பார்க்கச் சொல்ல மாட்டேன். நீங்கள் பயன்படுத்துவது `whatsapp-web.js` போன்ற நூலகம் என்றால் அதன் முகப்புப் பக்கத்தையே படியுங்கள்: வாட்ஸ்அப் பாட்களையும் அதிகாரபூர்வமற்ற செயலிகளையும் அனுமதிப்பதில்லை, தடை வராது என்று உறுதி கூற முடியாது என்று எழுதியவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

(வேறொருவர்) அவர் சொல்வதுதான் சரி. நானும் மெதுவாகத்தான் அனுப்பினேன், ஆனாலும் என் எண் போய்விட்டது.

நீங்கள் அவரை ஆதரிக்கிறீர்களா, மறுக்கிறீர்களா?

என் எண்ணும் தடையாகிவிட்டது. மீட்க முடியுமா?

செயலியைத் திறந்தால் `This account is not allowed to use WhatsApp` என்று வருகிறதா? அதே திரையில் `Request a review` இருக்கும். அழுத்தினால் குறுஞ்செய்தியில் ஆறு இலக்க எண் வரும். அதை இட்டு, நடந்ததை நான்கு வரியில் எழுதுங்கள். கருவி பயன்படுத்தியிருந்தால் மறைக்காதீர்கள். நீக்கிவிட்டதையும் சேர்த்து எழுதுங்கள். தவறுதலாகத் தடையானவை திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். புது சிம்மில் கருவி ஓட்டியவை திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை. பணம் வாங்கிக்கொண்டு தடையை நீக்கித் தருவதாகச் சொல்பவரிடம் அந்த ஆறு இலக்க எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள்.

என் எண் நேற்று தடை. எப்படித் திரும்பப் பெறுவது?

மேலே உள்ள பதில்.

ஜிபி வாட்ஸ்அப் போட்டால் வரம்பு எதுவும் இல்லை என்கிறார்களே?

அது வேறு யாரோ மாற்றி எழுதிய, அதிகாரபூர்வமற்ற செயலி. அதைப் போடுவதே தடைக்குத் தனிக் காரணம். இதற்கு மேல் நேரம் செலவழிக்க விருப்பமில்லை.

குறுஞ்செய்தியாகவே அனுப்பிவிட்டால்?

அனுப்பலாம், ஆனால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, வணிகக் குறுஞ்செய்திகளுக்கான டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் உங்கள் நிறுவனத்தையும் அனுப்புநர் பெயரையும் செய்தி வாசகத்தையும் முன்பே பதிவு செய்ய வேண்டும். அது என் துறை இல்லை. பதிவு செய்து தருபவர்களைக் கேளுங்கள்.

நான் மேலே கேட்ட சேலைக்காரர்தான். திட்டியது போதும், இனி என்ன செய்வது?

நியாயமான கேள்வி. உங்கள் அளவுக்கு முதலில் வாட்ஸ்அப்பிலேயே ஒரு சேனல் தொடங்குங்கள். இந்தியாவில் 2023 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. பின்தொடர்பவர் தாமாக வருகிறார், வேண்டாம் என்றால் போய்விடுகிறார். ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. எத்தனை ஆயிரம் பேர் வந்தாலும் நீங்கள் ஒரு முறைதான் படம் போடுகிறீர்கள். குறைகளும் உண்டு. சேனல் தனிப் பக்கத்தில் இருப்பதால், அறிவிப்பை இயக்காதவர்கள் பார்க்காமலே விடுவார்கள். அவர்கள் அங்கே பதில் எழுதவும் முடியாது. எனவே ஒவ்வொரு சேலைப் படத்தின் கீழும் இப்படி ஓர் இணைப்பு வையுங்கள்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=Saree%20214
```

அதைத் தொட்டால் உங்கள் உரையாடல் திறந்து, சேலையின் எண்ணோடு செய்தி தயாராக நிற்கும். வாடிக்கையாளர் அனுப்பினால் போதும். முதல் செய்தி அவரிடமிருந்து வருகிறது என்பதுதான் இதில் முக்கியம். சேனலின் கியூஆர் குறியீட்டை அச்சிட்டு ஒவ்வொரு பார்சலுக்குள்ளும் போடுங்கள். "இந்த எண்ணைச் சேமித்தால் புது வரவு உங்களுக்கு முதலில் வரும்" என்று ஒரு வரி சேருங்கள். அப்படிச் சேமித்தவர்களை மட்டும் பிராட்காஸ்ட் பட்டியலில் வையுங்கள். வாரத்துக்கு இரண்டு முறை போதும்.

ஆர்டர் விவரமும் கூரியர் எண்ணும் நாள்தோறும் நூற்றுக்கணக்கானோருக்கு அனுப்ப வேண்டிய நிலை வந்தால், மென்பொருள் வழியாகச் செய்தி அனுப்ப வாட்ஸ்அப்பே தரும் அதிகாரபூர்வ பிசினஸ் ஏபிஐ எடுங்கள். தொடக்கத்தில் 24 மணி நேரத்தில் 250 பேருக்குத்தான் நீங்களாக முதலில் எழுத முடியும், வாசகத்துக்கு முன் ஒப்புதல் வேண்டும், பெறுபவரின் சம்மதம் வேண்டும், கட்டணமும் உண்டு. அங்கேயும் பலர் தடுத்தால் தர மதிப்பீடு இறங்கி, அந்த வாசகம் நிறுத்தி வைக்கப்படும்.

பள்ளிப் பெற்றோர் அனைவரையும் கேட்காமலே குழுவில் சேர்த்துவிடலாமா?

வேண்டாம். அழைப்பு இணைப்பைப் பள்ளியின் டைரியில் ஒட்டிக் கொடுங்கள். இன்னொரு நிர்வாகியையும் இன்றே நியமியுங்கள். உங்கள் எண் போனாலும் குழு நடக்கும்.

கண்காட்சிப் பதிவேட்டில் இருக்கும் அந்த 640 எண்களை என்ன செய்வது? கிழித்துப் போட மனமில்லை.

கிழிக்க வேண்டாம். அடுத்த கண்காட்சியில் அதே பதிவேட்டுக்குப் பக்கத்தில் சேனல் குறியீட்டை ஒட்டி, வருபவர் கைபேசியிலேயே ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். பழைய பட்டியலில் உங்களிடம் சேலை வாங்கியவர்கள் இருந்தால், அவர்களை மட்டும் ஒருவர் ஒருவராகத் தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். ஒரு நாளைக்கு இருபது பேர் என்றால், 640 பேருமே வாங்கியவர்களாக இருந்தாலும் ஒரு மாதத்துக்குச் சற்று மேல்தான் ஆகும்.