200,000-ல் 1: எதற்கான வாய்ப்பு?

“ஈசூனில் ஒரு கடையின் காசுப்பெட்டியில் பணம் திருடியதாக என் தம்பிமேல் வழக்கு. போன மாதம்வரை அங்கேதான் வேலை பார்த்தான். தடயவியல் அறிக்கையில் ஒரு பக்கத்தை மாமா படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ‘உறவில்லாத ஒருவரின் டிஎன்ஏவும் இப்படி ஒத்துப்போகும் வாய்ப்பு 200,000-ல் 1’ என்று இருக்கிறது. அப்படியென்றால் தம்பி நிரபராதியாக இருக்க 200,000-ல் ஒரு வாய்ப்புதான் என்கிறார். சரியா?”

சரியில்லை. பெட்டியில் இருப்பது வேறு யாரோ ஒருவரின் டிஎன்ஏ என்று வைத்துக்கொண்டால், அது தற்செயலாக உங்கள் தம்பியுடையதோடு ஒத்துப்போவது எவ்வளவு அரிது? அறிக்கை சொல்வது அதை மட்டும்தான். மாமா கேட்க விரும்புவதோ தலைகீழான கேள்வி: ஒத்துப்போய்விட்டது, இனி தம்பி செய்திருக்க எவ்வளவு வாய்ப்பு? முதல் கேள்வியின் எண்ணை இரண்டாவதற்கு விடையாக்குவதைத்தான் ‘அரசுத் தரப்பின் பிழை’ என்பார்கள். பெயர் அப்படி இருந்தாலும், குடும்பத்தாரும் செய்தியாளர்களும் இதைத் தாராளமாகச் செய்கிறார்கள்.

சிங்கப்பூரில் ஏறக்குறைய 6 மில்லியன் பேர். 200,000-ல் ஒருவர் என்றால் ஒத்துப்போகக்கூடியவர்கள் சுமார் 30 பேர் இருப்பார்கள். வேறு எந்தத் தடயமும் இல்லாமல், காவல்துறையின் தரவுத்தளத்தில் தேடித்தான் தம்பியைப் பிடித்தார்கள் என்றால், அவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர், அவ்வளவுதான். இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1996-ல் டோஹனி, ஆடம்ஸ் வழக்குகளில் இதே கணக்கைத்தான் போட்டுக் காட்டியது: 26 மில்லியன் ஆண்கள் உள்ள நாட்டில் ‘மில்லியனில் 1’ என்றால் சுமார் 26 ஆண்கள்.

இதை வைத்து, “முப்பது பேரில் ஒருவர்தானே, இந்தச் சான்றே வீண்” என்று வாதாடலாம் என நினைக்காதீர்கள். அதுவும் பிழைதான். பெட்டி இருக்கும் பின்னறைக்குள் 50 பேர்தான் போக முடியும் என்று வையுங்கள். அந்த 50 பேருக்குள் தற்செயலாக இன்னொருவர் ஒத்துப்போக வாய்ப்பு ஏறக்குறைய 4,000-ல் 1. அப்போது டிஎன்ஏ தம்பியுடையதுதான் என்பதில் பெரிய சந்தேகத்துக்கு இடமில்லை.

ஆனால் உங்கள் வழக்கில் உண்மையான சிக்கலே அதற்குப் பிறகுதான். அந்த 50 பேரில் அவரும் ஒருவர் என்பதால்தான் டிஎன்ஏ அவருடையது என்று இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது. அங்கே வேலை பார்த்தவர் என்பதால் அது பெட்டியில் இருப்பதில் வியப்பும் இல்லை. அது எப்போது அங்கே வந்தது, பணம் எடுத்தபோதா, தினமும் கடை அடைக்கும்போதா என்பதை அந்த எண் சொல்லாது.

எனவே வழக்கறிஞரிடம் அந்த ஒற்றைப் படத்தை நீட்டாதீர்கள், முழு அறிக்கையைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பெட்டியில் எந்த இடத்தில் மாதிரி எடுத்தார்கள், ஒருவருடைய டிஎன்ஏவா பலருடையது கலந்ததா, பெட்டி கடைசியாக எப்போது துடைக்கப்பட்டது, தம்பியின் பெயர் முதலில் எப்படி வந்தது என்று கேளுங்கள். ‘உறவில்லாத’ என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். கூடப்பிறந்தவர்களின் டிஎன்ஏ ஒத்துப்போகும் வாய்ப்பு இதைவிடப் பல மடங்கு அதிகம். வேறொரு சகோதரரும் அந்தக் கடைக்குப் போய்வந்திருந்தால் அவருக்கு இந்த 200,000 பொருந்தாது.