சளி ரிசல்ட் வருவதற்கு முன்பே இரண்டு ஆன்டிபயாடிக் ஏன்?

கேள்வி: எங்கள் அப்பத்தாவுக்கு 74 வயது. கல்யாணத்துக்காகப் பூட்டியிருந்த கானாடுகாத்தான் வீட்டைத் திறந்து ஒரு வாரம் தங்கினோம். பிறகு அவருக்குக் காய்ச்சல், இருமல். காரைக்குடியில் எக்ஸ்ரே எடுத்து நிமோனியா என்று அட்மிட் செய்தார்கள். மூச்சு நிமிடத்துக்கு 26, பிரஷர் 116/70, பிளட் யூரியா 50, நினைவு தெளிவாக இருக்கிறது. சளி டெஸ்ட் ரிசல்ட் வருவதற்குள் செஃப்ட்ரியாக்சோன் ஊசியும் அசித்ரோமைசினும் ஆரம்பித்துவிட்டார்கள். 38 வயது டிரைவருக்கும் நிமோனியாதான். அவருக்கு மாத்திரை மட்டும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஏன் இந்த வித்தியாசம்? ரிசல்ட்டுக்குக் காத்திருந்திருக்கலாமே?

பதில்: காத்திருக்காதது சரிதான். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிசல்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும். வந்த பிறகும் பலருக்குக் கிருமி எதுவென்று தெரியாமலே போகும். அதனால் சளியும் ரத்தமும் பரிசோதனைக்கு எடுத்தவுடன், ஊகத்தின் பேரில் முதல் மருந்தைத் தொடங்குகிறோம். அந்த ஊகம் தப்பினால் நோயாளி எவ்வளவு தாங்குவார் என்பதை வைத்துத்தான் ஒரு மருந்தா இரண்டா என்று முடிவு செய்கிறோம்.

அதை அளக்க கர்ப்-65 என்ற ஸ்கோர் இருக்கிறது. புதிதாக வந்த குழப்பம், உயர்ந்த யூரியா, மூச்சு நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல், பிரஷர் மேலளவு 90-க்குக் கீழே அல்லது கீழளவு 60 அல்லது அதற்குக் கீழே, வயது 65 அல்லது அதற்கு மேல்: ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். அப்பத்தாவுக்கு வயதுக்கு ஒன்று, யூரியாவுக்கு ஒன்று, மொத்தம் 2. அது அட்மிஷன் போடும் அளவு. 3-க்கு மேல் போனால் ஐசியூ பற்றி யோசிப்போம். டிரைவருக்கு அநேகமாக 0 வந்திருக்கும். அதனால்தான் வீட்டிலேயே மாத்திரை.

இதில் அடிக்கடி ஒரு தவறு நடக்கிறது. நம் ஊர் லேப்கள் பெரும்பாலும் பிளட் யூரியா என்று எழுதும். அதற்கு எல்லை டெசிலிட்டருக்கு சுமார் 42 மி.கி. சில லேப்கள் யூரியா நைட்ரஜன் என்று தரும். அதற்கு எல்லை சுமார் 20 மட்டுமே. இரண்டையும் குழப்பினால் யூரியா 30 உள்ளவருக்கும் ஒரு மதிப்பெண் போய்விடும். இன்னொரு குறை, இந்த ஸ்கோரில் ஆக்சிஜன் அளவே கிடையாது. ஸ்கோர் 0 வந்த இளைஞருக்கு ஆக்சிஜன் 88 என்றால் அவரை வீட்டுக்கு அனுப்பவே கூடாது.

இனி கிருமிகள். வழக்கமான வகையில் முதன்மையானது நிமோகாக்கஸ். அமாக்சிசிலினும் செஃப்ட்ரியாக்சோனும் கிருமியின் செல் சுவரைக் குலைத்துத்தான் அதைக் கொல்கின்றன. ஏடிப்பிக்கல் எனப்படும் மற்ற வகையைச் சேர்ந்த மைக்கோபிளாஸ்மாவுக்குச் சுவரே கிடையாது. அதே வகையிலுள்ள லெஜியோனெல்லா நம் செல்லுக்குள்ளேயே ஒளிந்து பெருகும், அங்கே இந்த மருந்துகள் போதிய அளவு போய்ச் சேராது. அசித்ரோமைசின், டாக்சிசைக்ளின் போன்றவை உள்ளே போய் வேலை செய்யும். சரி, அசித்ரோமைசினை மட்டும் கொடுத்தால் என்ன? மெடிக்கலில் மூன்று மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் இப்படித்தான் வந்தது. அது ஆபத்து, ஏனென்றால் இங்கே நிமோகாக்கஸ் பல இடங்களில் அதற்கு அடங்குவதில்லை. இருமலையோ எக்ஸ்ரேயையோ பார்த்து இரண்டு வகையையும் நம்பகமாகப் பிரிக்கவும் முடியாது. ஆகவே ஸ்கோர் 2 உள்ள அப்பத்தாவுக்கு இரண்டு பக்கமும் காப்பு: செஃப்ட்ரியாக்சோன் தினம் 1 முதல் 2 கிராம், அசித்ரோமைசின் 500 மி.கி. அசித்ரோமைசின் இதயத் துடிப்பின் தாளத்தைப் பாதிக்கலாம் என்பதால் ஈசிஜி பார்த்துவிடுவது நல்லது. லீவோஃப்ளாக்சசின் ஒன்றே இரண்டையும் கவனிக்குமே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான், ஆனால் அது காசநோயையும் பாதி அடக்கி மறைத்துவிடும். காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில் அதை முதல் தேர்வாக எடுக்கத் தயங்குகிறோம்.

பூட்டிக்கிடந்த வீட்டைப் பற்றி டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மாதக்கணக்கில் தேங்கிய தொட்டித் தண்ணீர் ஷவரில் சாரலாக வரும்போது, அதில் லெஜியோனெல்லா இருந்தால் மூச்சோடு உள்ளே போகும். பெரும்பாலும் 2 முதல் 14 நாளில் நோய் தெரியும். கூடவே வயிற்றுப்போக்கும் ரத்தத்தில் சோடியம் குறைவும் இருந்தால் சந்தேகம் கூடும். சிறுநீரில் இதற்கு டெஸ்ட் உண்டு. ஆனால் அது ஒரு வகையைத்தான் பிடிக்கும். நெகட்டிவ் வந்தாலும் அசித்ரோமைசினை உடனே நிறுத்தமாட்டோம்.

கல்ச்சரில் செஃப்ட்ரியாக்சோனுக்கு அடங்கும் நிமோகாக்கஸ் மட்டும் வந்தால் இரண்டாவது மருந்தை நிறுத்திவிடலாம். 48 முதல் 72 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கி மூச்சு வேகம் குறைய வேண்டும். குறையாவிட்டால் மருந்தை மாற்றுவதற்கு முன் நுரையீரலைச் சுற்றி சீழ் கட்டியிருக்கிறதா, காசநோயா என்று பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் நிழல் மறைய 6 வாரம்கூட ஆகலாம். தேறிவருபவருக்கு நிழல் இருக்கிறது என்பதற்காக ஆன்டிபயாடிக்கை நீட்டத் தேவையில்லை.