கொடுத்தது யார், கையெழுத்துப் போட்டது யார்?

கேள்வி: வழக்கறிஞர் ஒருவரிடம் ஜூனியராக இருக்கிறேன். கட்சிக்காரர் சொல்வதைக் குறித்துக்கொண்டு மனு எழுதுவது என் வேலை. எழுத உட்கார்ந்த பிறகுதான் ‘கொடுத்தாங்க’, ‘வாங்கலை’ எல்லாம் யாரைக் குறிக்கிறது என்று தெரியாமல் நிற்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் ‘யாரு?’ என்று கேட்டால் சலித்துக்கொள்கிறார்கள். எப்படிச் சரியாகக் கேட்டு உறுதி செய்வது?

பதில்: கடன் வழக்கையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். எழுவாய் தவறினால் வழக்கே தவறுவது அங்கேதான். பணம் கொடுத்த ஒரு பெண் உங்கள் முன்னால் உட்கார்ந்து இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

“ரெண்டு லட்சம் வாங்குனாங்க. புரோநோட்டு எழுதிக் கொடுத்தாங்க. ஒரு தடவை வட்டி கொடுத்தாங்க, நோட்டுக்குப் பின்னாடி வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கு. அப்புறம் கொடுக்கலை. கேட்கப் போனப்ப வாங்கலைன்னு சொன்னாங்க.”

ஒரு இடத்தில்கூட எழுவாய் இல்லை. ஆனாலும் சொல்கிறவருக்கு எல்லாம் தெளிவாகவே இருக்கிறது, ஏனென்றால் ஆட்கள் அவர் கண்முன் நிற்கிறார்கள். தமிழில் வினைமுற்றின் விகுதியே ஆளைக் காட்டிவிடும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். வந்தேன், வந்தான், வந்தாள் வரைக்கும் அது சரி. மேலே உள்ள ஐந்து வாக்கியங்களில் அந்த விகுதி ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு விதமாகக் கைவிடுகிறது.

முதலில் ‘வாங்குனாங்க’. பேச்சில் இந்த ‘ஆங்க’ பலரையும் குறிக்கும், மரியாதைக்குரிய ஒரு பெண்ணையும் குறிக்கும். பல வீடுகளில் கணவரையோ மாமனாரையோ பற்றிப் பேசும்போதும் இதுவேதான் வரும். இதை நீங்கள் ‘வாங்கினார்கள்’ என்று எழுத்துத் தமிழாக்கினால், பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் வாங்கிய கடன் அவரும் அவர் கணவரும் சேர்ந்து வாங்கியதாக மாறிவிடுகிறது. புரோநோட்டை வைத்துப் போடும் வழக்கில் அதில் கையெழுத்திட்டவர்தான் பொறுப்பு. கூட நின்று பணத்தை எண்ணிப் பார்த்தவர் அந்தக் காரணத்தாலேயே கடனாளி ஆகமாட்டார்.

‘எழுதிக் கொடுத்தாங்க’ என்பதில் சிக்கல் வேறு மாதிரி. ‘எழுதி’ வினையெச்சம். இலக்கணப்படி அதன் எழுவாயும் ‘கொடுத்தாங்க’ என்பதன் எழுவாயும் பொதுவாக ஒன்றே. நடைமுறையில் வாசகத்தை எழுதியவர் பத்திர எழுத்தராக இருப்பார், கடன் வாங்கியவர் கையெழுத்து மட்டும் போட்டிருப்பார். ‘எழுதிக் கொடுத்தார்’ என்று மனுவில் அப்படியே இருந்தால், குறுக்கு விசாரணையில் “இது அவர் கையால் எழுதியதா?” என்ற கேள்வி வரும். உங்கள் கட்சிக்காரர் அங்கே தடுமாறுவார். இலக்கணம் ஒரே ஆள் என்று சொன்னாலும், இந்த இடத்தில் கேட்டே ஆகவேண்டும்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. ‘கையெழுத்துப் போட்டிருக்கு’ என்பதில் கையெழுத்து இருக்கிறது, போட்ட ஆள் இல்லை. வாக்கியத்தை எப்படிப் புரட்டினாலும் அவர் கிடைக்கமாட்டார். காலவரம்புச் சட்டம் 1963-இன் 19-ஆவது பிரிவை நினைத்துப் பாருங்கள். வழக்குப் போடுவதற்கான கெடு முடிவதற்குள் கடனாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ வட்டி கட்டி, அந்த வரவு கட்டியவரின் கையால் எழுதப்பட்டோ அவர் கையெழுத்துடனோ இருந்தால்தான், அன்றிலிருந்து புதிய காலக்கெடு தொடங்கும். உங்கள் கட்சிக்காரர் தானே வரவு எழுதித் தானே கையெழுத்துப் போட்டிருந்தால் அது உதவாது. கணவனும் மனைவியும் சேர்ந்து நோட்டில் கையெழுத்திட்டு, மனைவி மட்டும் வட்டி கட்டியிருந்தாலும் கவனம் வேண்டும். கூட்டுக் கடனாளிகளில் ஒருவர் கட்டினார் என்பதாலேயே மற்றவருக்குக் கெடு நீளாது என்று 20-ஆவது பிரிவு சொல்கிறது. ஆக, வட்டியைக் கொடுத்தது யார், வரவை எழுதியது யார், கையெழுத்துப் போட்டது யார் என்று அந்த ஒரு வரிக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன.

‘கொடுக்கலை’, ‘வாங்கலை’ இரண்டும் ஒரே வகை. எழுத்தில் ‘கொடுக்கவில்லை’ என்று திருத்தினாலும் நிலைமை மாறாது. நான், நீ, அவன், அவள், அவர்கள் எல்லாருக்கும் ‘கொடுக்கவில்லை’ ஒன்றேதான், விகுதியில் பிடிப்பதற்கு எதுவும் இல்லை. அதனால் இப்படிப்பட்ட எதிர்மறை வினை வரும் ஒவ்வொரு இடத்திலும் எழுவாயை நீங்கள்தான் போடவேண்டும். ‘வாங்கலைன்னு சொன்னாங்க’ என்பதில் இன்னொரு அடுக்கும் இருக்கிறது. “நான் வாங்கவில்லை” என்று கடன் வாங்கிய அந்த அம்மா சொன்னாரா, “என் வீட்டுக்காரர் வாங்கவில்லை” என்றாரா? முதலாவது அவரது சொந்த மறுப்பு. இரண்டாவது கணவருக்காகப் பேசியது, தன்னைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. இந்த மாதிரி இடங்களில் மறுத்தவர் வாயிலிருந்து வந்த சொற்களை மேற்கோளாகவே கேட்டு வாங்கி எழுதுங்கள்.

சரி, சலிப்பு வராமல் கேட்பது எப்படி? முதல் தடவை குறுக்கிடாதீர்கள், முழுக்கச் சொல்லட்டும். நீங்கள் வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிட்டுக்கொண்டே வாருங்கள். முடித்ததும் கதையில் வரும் ஆட்களின் பெயரை ஒரு ஓரத்தில் எழுதி, கட்சிக்காரர் அவர்களை எப்படிக் குறிப்பிடுகிறார் என்பதையும் பக்கத்தில் போடுங்கள். ‘அந்தம்மா’ என்பது மனைவியா மாமியாரா என்பது இந்த இடத்திலேயே தெரிந்துவிடும். அப்புறம் பணம் கைமாறியது, கையெழுத்து, வாக்குறுதி, மறுப்பு, அடிதடி ஆகிய இடங்களுக்கு மட்டும் கேளுங்கள். டீ கொடுத்தது யார் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

கேட்கும் முறையிலும் கவனம் தேவை. “புருஷன்தானே வாங்கினார்?” என்று கேட்டால் “ஆமாங்க” என்று வந்துவிடும். அது பதில் இல்லை, உங்கள் ஊகத்துக்கு அவர் தலையாட்டியது. “அவங்களா?” என்று கேட்பதும் பயன்படாது, அதே மயக்கத்தைத்தான் திருப்பிக் கொடுக்கிறீர்கள். “பணத்தை யார் கையில் கொடுத்தீங்க? பேரைச் சொல்லுங்க. அப்போ பக்கத்தில் வேற யார் இருந்தாங்க?” என்று கேளுங்கள். கையையும் இடத்தையும் கேட்டால் மனிதர்கள் ஆளை நினைவுபடுத்திச் சொல்கிறார்கள். ‘கேட்கப் போனோம்’ என்று பன்மையில் வந்தால் கூடப் போனது யார் என்று கேட்க மறக்காதீர்கள், பெரும்பாலும் உங்கள் சாட்சி அவர்தான்.

எழுதியதைப் படித்துக்காட்டும்போது ‘அவர்’, ‘அவர்கள்’ எதுவும் வேண்டாம், பெயரோடு படியுங்கள். ‘வாங்கினார்கள்’ என்று படித்தால் அது அவர் சொன்ன ‘வாங்குனாங்க’ போலவே காதில் விழும், மறுப்பே வராது. நம் உதாரணம் விசாரித்த பிறகு இப்படி ஆகலாம் (பெயர்கள் கற்பனை):

“செல்வராணி என்னிடம் 2 லட்சம் ரூபாய் கடன் வாங்கினார். அவர் கணவர் முருகேசன் உடன் இருந்தார். புரோநோட்டின் வாசகத்தைப் பத்திர எழுத்தர் எழுத, செல்வராணி மட்டும் கையெழுத்திட்டார். ஒரு முறை செல்வராணி வட்டி கொடுத்தார். நோட்டின் பின்புறம் வரவை நான் எழுதினேன், அதன் கீழ் செல்வராணி கையெழுத்திட்டார். அதன் பிறகு செல்வராணி அசலோ வட்டியோ கொடுக்கவில்லை. நான் நேரில் சென்று கேட்டபோது முருகேசன், ‘என் மனைவி உன்னிடம் எதுவும் வாங்கவில்லை’ என்றார்.”

இதைப் படித்தால்தான், முருகேசனைப் பிரதிவாதியாகச் சேர்க்க நோட்டில் ஆதாரம் இல்லை என்பதும், மறுத்தது கடனாளி அல்ல என்பதும் கண்ணில் படுகிறது.

கட்சிக்காரருக்கே ஆள் தெரியாத இடமும் வரும். உதாரணமாக, நோட்டில் தேதியைத் திருத்தியது யார் என்று அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அங்கே மட்டும் ‘திருத்தப்பட்டிருந்தது’ என்ற செயப்பாட்டு வினையைப் பயன்படுத்துங்கள். பக்கத்திலேயே ‘திருத்தியவர் யார் என்று எனக்குத் தெரியாது’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த வரி இல்லாவிட்டால், தெரிந்தும் மறைத்தார் என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் கிடைக்கும்.