வக்கீல் நோட்டீஸுக்கு முன்னால் ஒரு மின்னஞ்சல்

கேள்வி: ஒன்பது மாதங்களுக்கு முன் இணையதளம் வழியாக 24,000 ரூபாய்க்கு வாஷிங் மெஷின் வாங்கினேன். மூன்று முறை மெக்கானிக் வந்தும் தண்ணீர் கசிவது நிற்கவில்லை. குறைதீர் அலுவலருக்கு முறையிடச் சொல்கிறார் ஒருவர், நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கச் சொல்கிறார் இன்னொருவர். வக்கீல் நோட்டீஸ் விட்டால்தான் அசைவார்கள் என்கிறார் என் மைத்துனர். எதை முதலில் செய்வது?

பதில்: மூன்றும் யார் கைக்குப் போகின்றன என்று பாருங்கள், குழப்பம் பாதி தீரும். முறையீடு, விற்றவரிடமே “சரிசெய்து கொடுங்கள்” என்று கேட்பது. நோட்டீஸும் அவருக்கே போகிறது. ஆனால் “இன்ன தேதிக்குள் செய்யாவிட்டால் வழக்கு” என்ற கடைசி எச்சரிக்கையாக. புகார் மட்டும்தான் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் உள்ள மூன்றாமவரிடம் போகிறது. ஆணையத்தின் பெயரிலேயே ‘குறைதீர்’ என்று இருப்பதால் பலர் தடுமாறுகிறார்கள். அங்கே நீங்கள் தாக்கல் செய்வது புகார் மனு.

உங்கள் விஷயத்தில் முதலில் முறையீடு. வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் பத்து முறை பேசியதை முறையீடு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அதற்கு உங்கள் கையில் சாட்சியம் இல்லை. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, ஒவ்வொரு விற்பனைத் தளமும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் வெளியிட வேண்டும். முறையீடு கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவருக்கு மின்னஞ்சல் அனுப்பி, தயாரிப்பு நிறுவனத்துக்கும் நகல் போடுங்கள். பில் எண், மெக்கானிக் வந்த மூன்று தேதிகள், உங்களுக்கு வேண்டியது மாற்று மெஷினா பணமா, இவ்வளவு போதும். கோபத்தை எழுதி இடத்தை அடைக்க வேண்டாம்.

மெக்கானிக் நீட்டும் வேலைச்சீட்டைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால் இப்போது எடுத்துப் பாருங்கள். “கோளாறு இல்லை”, “சரிசெய்யப்பட்டது” என்று அதில் எழுதியிருக்கலாம். நாளை எதிர்த்தரப்பு காட்டும் முதல் காகிதம் அதுதான். அடுத்த முறை அவர் வரும்போது “கசிவு தொடர்கிறது” என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்திடுங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒரு மாதத்துக்குள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். அவர்கள் நிறுவனத்தோடு பேசுவார்கள், உத்தரவிட முடியாது. ஆனாலும் பல நேரங்களில் விஷயம் இங்கேயே முடிந்துவிடுகிறது.

மாதம் கடந்தும் பதில் இல்லையென்றால் நோட்டீஸ். உங்கள் மைத்துனர் சொல்வது இந்தக் கட்டத்துக்குப் பொருந்தும். நுகர்வோர் வழக்குக்கு முன் நோட்டீஸ் கட்டாயம் என்று 2019-ஆம் ஆண்டின் சட்டம் சொல்லவில்லை. வக்கீல்தான் அனுப்ப வேண்டும் என்பதும் இல்லை. நீங்களே எழுதி, 15 நாள் கெடு வைத்து, சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு அஞ்சலில் அனுப்பலாம். அந்த 15 நாள் வழக்கத்தில் வந்தது. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை: நோட்டீஸில் “மார்ச்சில் கோளாறு” என்றும் பிறகு புகார் மனுவில் “ஏப்ரல்” என்றும் எழுதினால், எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு மாதத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார். ஐந்து லட்சம் நஷ்டஈடு என்று மிரட்டுவதும் வேண்டாம், 24,000 ரூபாய் மெஷினுக்கு அது எடுபடாது.

அதற்கும் அசையவில்லையா? உங்கள் மாவட்ட ஆணையத்தில் புகார் மனு. நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். செலுத்திய விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. நீங்களே வாதாடலாம். பில், வேலைச்சீட்டுகள், மின்னஞ்சல், நோட்டீஸ், அஞ்சல் அத்தாட்சி எல்லாம் இணைப்புகளாகப் போகும்.

ஆனால் கடிதம் எழுதிக்கொண்டே காலத்தை ஓட்டிவிடாதீர்கள். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தாக்கலாக வேண்டும். நீங்கள் எத்தனை நோட்டீஸ் அனுப்பினாலும் அந்தக் கணக்கு நிற்காது. காரணம் எந்த நாளில் எழுந்தது என்பதிலேயே வாதம் வரும் என்பதால், வாங்கிய நாளிலிருந்து எண்ணிக்கொள்வது பாதுகாப்பு. உங்களுக்கு இன்னும் 15 மாதம் இருக்கிறது.

இந்த வரிசையை எல்லா வழக்குக்கும் பொருத்திவிட வேண்டாம். திரும்பிவந்த காசோலை என்றால், வங்கி தகவல் தந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பியே ஆக வேண்டும். அது பெறப்பட்ட பிறகு பணம் செலுத்த 15 நாள் அவகாசம். அதுவும் கடந்தால் ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார். அங்கே முதலில் மின்னஞ்சலில் முறையிட்டுவிட்டுக் காத்திருந்தால், அந்த 30 நாள் கைநழுவிவிடும்.