நோகாத நாளில் நிறுத்துவது

அன்புள்ள அண்ணா,
மூன்று வருடமாக நாரி நோ. போன சனிக்கிழமை நோவே இல்லை. அந்தச் சந்தோசத்தில் வளவு முழுக்கக் கூட்டி, வாழைக்குப் பாத்தி கட்டி, கிணற்றடியையும் தேய்த்துக் கழுவினேன். அடுத்த நாள் எழும்பவே முடியவில்லை. நான்கு நாள் பாயோடு கிடந்தேன். திரும்பவும் ஸ்கான் எடுக்கவா? எந்த எண்ணெய் பூசலாம்?
ஒரு வாசகி, புதுக்குடியிருப்பு

தங்கச்சி,

எண்ணெய் உங்கள் விருப்பம். கால் மரத்தல், கால் பலம் குறைதல், சலம் அடக்க முடியாமை, காய்ச்சல் ஏதும் இருந்தால் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இல்லையென்றால் ஸ்கானை விடுங்கள். எனக்குக் கோபம் அந்தச் சனிக்கிழமையில்தான்.

மாங்குளத்தில் அம்மாவும் இப்படித்தான். நோ இல்லாத நாளில் கச்சான் பாத்தி முழுவதையும் குந்தியிருந்து புல்லுப் பிடுங்குவா. பிறகு மூன்று நாள் படுக்கை. "நொந்தால் நிப்பாட்டுவன்தானே" என்பா. அதுதான் பிழை. நீண்டநாள் நோவில் நரம்புகள் கூர்மையாகிவிடும். ஆனால் கூடச் செய்ததன் நோ பெரும்பாலும் இரவிலோ அடுத்த நாளோதான் வரும். வேலை நடக்கும்போது உடம்பு பெரிதாக ஒன்றும் சொல்லாது. படுத்த நாட்களில் தசை இன்னும் தளரும். அடுத்த நல்ல நாளில் தாங்கும் அளவு முன்னையைவிடக் குறைவு.

நான் ஆறு நாள் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து நேரம் பார்த்தேன், நல்ல நாளும் கூடாத நாளும் கலந்து. நோ கூடத் தொடங்க எடுத்த நிமிடங்கள் 12, 20, 15, 9, 18, 16. சராசரி 15. அதில் ஐந்தில் ஒன்றைக் கழித்து 12 நிமிடத்தில் தொடங்கினோம். பழைய போனில் அலாரம். அடித்தால் எழும்பி, கொஞ்சம் நடந்து, வேறு வேலை. வாரத்துக்கு ஒரு நிமிடம், பிறகு இரண்டு, மூன்று என்று பத்தில் ஒரு பங்களவு கூட்டினோம். நோ கூடின நாளிலும் 12 நிமிடத்தை விடவில்லை. மிகக் கூடினால் பாதியாக்கினோம், நிறுத்தவில்லை. அளவைச் சொல்வது மணிக்கூடு, நோ அல்ல. சிறு வேலைக்கே நாட்கணக்கில் உடம்பு முழுக்கச் சோர்ந்து விழும் களைப்பு நோய் உள்ளவர்கள் மட்டும் இப்படிக் கூட்டக்கூடாது.

கடினம் கூடாத நாளில் இல்லை, நல்ல நாளில்தான். நான்காம் வாரம் ஒருநாள் அலாரம் அடித்தபோது ஒரு வரிசையில் பாதிதான் முடிந்திருந்தது. நோ துளியும் இல்லை. "இந்த வரிசையை மட்டும்" என்று இருந்தா. இரண்டு மணித்தியாலம். மூன்று நாள் படுத்தா. நான் ஏசினேன், அவ திருப்பி ஏசினா. திரும்ப 12இலிருந்து தொடங்கினோம். அதன்பிறகு இரண்டரை மாதத்தில் அரை மணிக்கு வந்துவிட்டா.

உங்கள் வளவைக் கூட்ட எத்தனை நிமிடம் எடுக்கும் என்று எப்போதாவது பார்த்தீர்களா? கிணற்றடியைத் திங்களுக்கு விட்டால் பாசி ஓடிவிடாது, பிள்ளை. அம்மா இப்போது அலாரம் அடித்தால் பிடுங்கின புல்லைக் கையிலேயே வைத்துக்கொண்டு எழும்புவா, முறைத்துக்கொண்டு.